முடியின் போரோசிட்டியை வீட்டிலேயே பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்லரில் டை அடிக்கவோ முடி வெட்டவோ வந்து உட்காருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "அக்கா, என் முடி லோ போரோசிட்டியா, ஹை போரோசிட்டியா?" என்றுதான். பெரும்பாலும் வீட்டில் டம்ளர் தண்ணீரில் ஒரு முடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, குழம்பிப்போய் வருகிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

போரோசிட்டி போரோசிட்டின்னு சொல்றாங்களே, முடியில என்ன ஓட்டையா இருக்கு?

ஓட்டை எல்லாம் இல்லை. ஒவ்வொரு முடிக்கும் வெளியே மெல்லிய செதில்களால் ஆன ஓர் உறை இருக்கிறது. ஓட்டுக்கூரையில் ஓடுகள் அடுக்கியிருப்பதுபோல, அந்தச் செதில்கள் வேரிலிருந்து நுனியைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து முதல் பத்து அடுக்கு வரை படிந்திருக்கும். மேல் அடுக்கின்மீது ஒரு கொழுப்புப் படலம் இயற்கையாகவே ஒட்டியிருக்கிறது. நாம் தடவும் எண்ணெய் வேறு, இது வேறு. சாதாரண ஷாம்புவில் எண்ணெய் போய்விடும், இது போகாது. நல்ல முடியில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவது இந்தப் படலத்தால்தான்.

இந்த உறையைத் தாண்டித் தண்ணீரும் மற்றவையும் எவ்வளவு சுலபமாக உள்ளே போகின்றன, எவ்வளவு சுலபமாக வெளியே வருகின்றன என்பதுதான் போரோசிட்டி. உறை முழுசாக இருந்தால் லோ. ப்ளீச், டை, ஸ்ட்ரெய்ட்டனிங், அயர்ன் சூடு, வெயில் இவற்றால் படலம் போய், செதில்கள் தூக்கிக்கொண்டோ உடைந்தோ இருந்தால் ஹை. பிறவியில் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசம் உண்டுதான். ஆனால் பார்லரில் நான் பார்க்கும் பெரிய வித்தியாசங்கள் எல்லாம் அந்த முடிக்கு இதுவரை என்னென்ன செய்திருக்கிறோம் என்பதால் வருபவை.

ஒரு டம்ளர் தண்ணியில முடியைப் போட்டேன், மிதக்குது. அப்போ எனக்கு லோ போரோசிட்டிதானே?

அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 1.3 மடங்கு. அப்படியானால் எந்த முடியும் தண்ணீரில் மூழ்கத்தான் வேண்டும். மூழ்காமல் மேலே கிடப்பதற்குக் காரணம் தண்ணீரின் பரப்பு இழுவிசை. ஒரு முடியின் எடை மிகக் குறைவு என்பதால் அந்த இழுவிசையே அதைத் தாங்கிவிடும்.

எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மிதக்கும். கண்டிஷனரில் இருக்கும் சிலிகான் படிந்திருந்தாலும் மிதக்கும். முடியில் சின்னக் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டாலும் மிதக்கும். அதே முடியை விரலால் ஒரு தடவை தண்ணீருக்குள் அமுக்கிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கீழே போய்விடும். விரல் பட்டதால் போரோசிட்டி மாறிவிடாதே! இந்தச் சோதனையை இரண்டு மூன்று முடிகளில் செய்தவர்களுக்கு ஒன்று மிதந்து ஒன்று மூழ்கியிருக்கும். அவர்கள் குழம்பியதில் தப்பே இல்லை.

அப்போ வீட்டுல உருப்படியா செய்யக்கூடிய டெஸ்ட் எதுதான்?

சொட்டுச் சோதனை. காய்ந்த முடியிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு கற்றையைப் பிரித்து, சிக்கில்லாமல் சீவி, ஒரு வெள்ளைத் தட்டின்மேல் படுக்கவைத்து, பட்டையாக விரித்து இழுத்துப் பிடியுங்கள். தனியாகச் செய்வது கஷ்டம், ஒருவர் கூட இருந்தால் நல்லது. மருந்து பாட்டிலோடு வரும் சொட்டுக்குழாயில் தண்ணீர் எடுத்து, மூன்று இடங்களில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். ஒன்று தலையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, ஒன்று நடுவில், ஒன்று நுனிக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னால். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

சொட்டு உருண்டையாக முத்துப்போல் அப்படியே நின்றால் அந்த இடத்தில் படலம் நன்றாக இருக்கிறது. விட்ட உடனேயே தட்டையாகப் பரவி, முடிக்குள் போனதுபோல் மறைந்து, கற்றை கருத்து ஈரமாகத் தெரிந்தால் அங்கே படலம் போய்விட்டது. நின்று, ஒரு நிமிடத்துக்குப் பிறகு மெதுவாகத் தட்டையானால் இரண்டுக்கும் நடுவில். உச்சியில் ஒரு கற்றை, காதோரம் ஒன்று, பிடரியில் ஒன்று என்று மூன்று இடத்தில் செய்யுங்கள். உச்சி முடிதான் வெயிலை நேராக வாங்குகிறது. பிடரி முடி மறைந்தே இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனையும் நேரடியாக அளப்பது முடியின் மேற்பரப்பு தண்ணீரைத் தள்ளுகிறதா, ஏற்கிறதா என்பதைத்தான். உள்ளே எவ்வளவு போகிறது என்பதை இது அளக்காது. ஆனால் ப்ளீச், டை மாதிரியான ரசாயனத்தால் கெட்ட முடியில் இரண்டும் சேர்ந்தே போவதால், வீட்டு உபயோகத்துக்கு இது போதும்.

டெஸ்ட்டுக்கு முன்னாடி தலைக்குக் குளிக்கணுமா? நான் தினமும் எண்ணெய் வைக்கிறவ.

கட்டாயம் குளிக்க வேண்டும். எண்ணெய் தடவிய முடியில் சொட்டு விட்டால் அது எண்ணெய்க்கு நடக்கும் சோதனை, முடிக்கு இல்லை. சாதாரண ஷாம்புவால் இரண்டு தடவை அலசுங்கள். ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றாகக் கலந்த வகையை அன்றைக்கு விட்டுவிடுங்கள், அது சிலிகானை முடியிலேயே விட்டுப் போகும். குளித்தபிறகு கண்டிஷனர், சீரம், எண்ணெய் எதுவும் வேண்டாம். ட்ரையர் போடாமல் தானாகக் காயவிட்டு, மறுநாள் காலையில் சோதனை செய்யுங்கள்.

சீயக்காய் போடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் ஷாம்புவுக்கு மாறினால் நல்லது. சீயக்காய் எண்ணெயைக் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் எடுக்கும். தினசரிக்கு அது நல்லதுதான், சோதனைக்குத்தான் இடைஞ்சல்.

வேர்கிட்ட சொட்டு நிக்குது, நுனியில உடனே உறிஞ்சிடுது. நான் எதைன்னு எடுத்துக்கிறது?

இரண்டையும்தான். இது குழப்பமான முடிவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சோதனையிலேயே மிக உபயோகமான விடை இதுதான். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அறுபது சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு ஐந்து வயது. ஐந்து வருஷத்து வெயில், சீப்பு, துவட்டல், டை எல்லாம் அதில் இருக்கின்றன. வேரோரம் இருப்பது போன மாதம் வந்தது. இவ்வளவு வயசு வித்தியாசம் உள்ள முடிக்கு "லோ", "ஹை" என்று ஒரே பெயர் வைக்க முடியாது.

என் சித்தி மகளின் முடியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இடுப்பைத் தொடும், சுமார் 55 சென்டிமீட்டர். ஸ்ட்ரெய்ட்டனிங் செய்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தலைக்குப் பக்கத்தில் விட்ட சொட்டு இரண்டு நிமிடமும் உருண்டையாக நின்றது. நடுவிலும் நுனியிலும் விட்டவை சில விநாடிகளில் பரவிவிட்டன. அப்புறம் தலையிலிருந்து இரண்டு இரண்டு சென்டிமீட்டராகக் கீழே இறங்கிச் சொட்டு விட்டுக்கொண்டே போனோம். 18, 20 சென்டிமீட்டர் வாக்கில் சொட்டு நிற்பது நின்றுபோனது. ஒன்றரை வருஷம் என்றால் பதினெட்டு மாதம், பதினெட்டு சென்டிமீட்டர். பார்லர் ரசாயனம் தொட்ட எல்லை சரியாக அங்கேதான் இருந்தது.

அவளுக்கு அதுவரை "எண்ணெய் வெச்சா மேல பிசுபிசுங்குது, வைக்கலேன்னா கீழ வறண்டு போகுது" என்பது தீராத புகார். எல்லை தெரிந்ததும் மாற்றியது சின்ன விஷயம்தான். ஷாம்பு தலைத்தோலில் மட்டும், நுனிக்கு வழிந்து வருவதே போதும். கண்டிஷனர் அந்த எல்லைக்குக் கீழே மட்டும். குளிப்பதற்கு முன் எண்ணெய் கீழ்ப்பாதிக்கு மட்டும். இரண்டு மூன்று குளியலிலேயே அந்தப் பிசுபிசுப்புப் புகார் நின்றுவிட்டது. நுனி வறட்சி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அந்தப் பாகத்தை வெட்டினால்தான் அது போகும்.

விரலால முடியை மேல்நோக்கி உருவிப் பார்த்தா சொரசொரன்னு இருந்தா ஹை போரோசிட்டின்னு வீடியோவுல சொன்னாங்க. சரியா?

பாதி சரி. செதில்கள் நுனியைப் பார்த்து அடுக்கியிருப்பதால், நுனியிலிருந்து வேரைப் பார்த்து உருவினால் எல்லோருக்கும் கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். பச்சைக்குழந்தை முடிக்குக்கூட அப்படித்தான். எனவே சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஒரே முடியின் வேர்ப்பகுதியையும் நுனிப்பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பிரயோஜனம் உண்டு. நுனியில் நிறையக் கரகரப்பாக இருந்தால் அங்கே செதில்கள் உடைந்திருக்கின்றன. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது ஏமாற்றும். முடியின் வளைவும் முறுக்கும் விரலுக்குக் கரகரப்பாகவே தெரியும்.

சீக்கிரம் காஞ்சா ஹை, லேட்டா காஞ்சா லோ. இதை வெச்சே சொல்லிடலாமே?

இணையத்தில் அதிகம் சுற்றும் விதி இது, அதிகம் தப்பாவதும் இதுதான். படலம் போன முடி தண்ணீரை விரும்பும். முடிகளுக்கு நடுவிலும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உள்ளேயும் அதிகம் வாங்கும். பல தடவை ப்ளீச் செய்த முடியைத் துவட்டிப் பார்த்தால் தெரியும், துண்டு மாற்றினாலும் ஈரம் போகாது. நல்ல முடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்துவிடுவதால், சில சமயம் அதுதான் முதலில் காயும்.

அதற்கு மேல், காயும் நேரத்தைப் போரோசிட்டியைவிட அதிகமாகத் தீர்மானிப்பது முடியின் அளவு. மெல்லிய முடி கொஞ்சமாக இருப்பவருக்கு அரை மணியில் காயும். தடித்த முடி அடர்த்தியாக இருப்பவருக்கு மதியம் வரை ஈரம் இருக்கும். மின்விசிறி, வெயில், ஐப்பசி மழைக்காற்று எல்லாமே கணக்கை மாற்றும். இந்த விதியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. நனைகிற நேரத்தைப் பார்க்கலாம். குளிக்கும்போது முதல் குவளை ஊற்றியதும் முடி உடனே நனைகிறதா, தண்ணீர் மேலேயே ஓடி மூன்றாவது நாலாவது குவளைக்குத்தான் நனைகிறதா என்பது சொட்டுச் சோதனையோடு ஓரளவு ஒத்துப்போகும். எண்ணெய் இல்லாத அன்றைக்கு மட்டும்.

என் முடி ரொம்ப தடிப்பு, கம்பி மாதிரி. அப்போ லோ போரோசிட்டிதான், இல்லையா?

தடிப்பு வேறு, அடர்த்தி வேறு, போரோசிட்டி வேறு. தடித்த முடியும் ப்ளீச் பட்டால் ஹை ஆகும். மெல்லிய முடியும் எதுவும் படாமல் இருந்தால் லோவாகவே இருக்கும். பொதுவாக மெல்லிய முடி சீக்கிரம் கெடும், அவ்வளவுதான் தொடர்பு.

லோ போரோசிட்டிக்கு தேங்காய் எண்ணெய் ஆகாதுன்னு சொல்றாங்க. பாட்டி காலத்துலேர்ந்து வைக்கிறோமே?

தேங்காய் எண்ணெய் முடிக்கு உள்ளே போகக்கூடிய எண்ணெய்களில் ஒன்று. அதில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, நேரானது. 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கெடாத முடி, கெட்ட முடி இரண்டிலும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த முடிவு நியாயமானதாகவே எனக்குப் படுகிறது, எண்ணெய் உள்ளே போவதற்கான காரணமும் தெளிவாக இருக்கிறது.

பிறகு ஏன் ஆகாது என்கிறார்கள்? படலம் முழுசாக உள்ள முடிக்கு உள்ளே பெரிதாகத் தேவை இல்லை. நிறைய வைத்தால் மிச்சம் மேலேயே நின்று பிசுபிசுக்கும், முடி விறைப்பாகத் தோன்றும். இது எண்ணெயின் குற்றமில்லை, அளவின் குற்றம். எண்ணெய் வைத்துக்கொண்டு வெளியே போவதைவிட, குளிப்பதற்கு முன்னால் வைத்து அலசுவதில்தான் அதன் பயன் அதிகம். தண்ணீரில் நனையும்போது முடி பருத்து, காயும்போது சுருங்குகிறது. எண்ணெய் உள்ளே இருந்தால் முடி அப்படிப் பருப்பது குறையும். டை அடித்த, ஸ்ட்ரெய்ட்டன் செய்த பாகத்துக்கு முதல்நாள் ராத்திரியே வைக்கலாம். வேர்ப்பகுதி முடிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொஞ்சமாக வைத்தாலே போதும்.

எங்க ஏரியாவுல போர்வெல் தண்ணிதான். அதனால போரோசிட்டி கூடுமா?

உப்புத்தண்ணீர் நேரடியாகப் போரோசிட்டியைக் கூட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே கெட்ட முடி, தண்ணீரில் உள்ள கால்சியத்தை நல்ல முடியைவிட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். டை அடித்த பாகம் மட்டும் சொரசொரப்பாக, பளபளப்பு இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குளியல் சோப்பையே தலைக்கும் போட்டால் நிலைமை இன்னும் மோசம். சோப்பும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து கரையாத ஒரு படிவை உண்டாக்கும். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் முடியிலும் படிகிறது.

சோதனையையும் இது குழப்பும். எனவே சோதனைக்கு முந்தின குளியலில் கடைசி ஒரு குவளையை ஆர்.ஓ. தண்ணீரிலோ மழைத்தண்ணீரிலோ ஊற்றுங்கள். சொட்டு விடுவதற்கும் அதே தண்ணீர்தான்.

கடைசியா பச்சைத்தண்ணி ஊத்தினா செதில் மூடிக்கும்னு எங்கம்மா சொல்வாங்க. நிஜமா?

குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் செதில் மூடாது, வெந்நீர் ஊற்றினால் திறக்கவும் திறக்காது. அவை கதவு இல்லை. தண்ணீரில் முடி பருக்கும்போது செதில்களின் ஓரம் கொஞ்சம் தூக்கும், காய்ந்தால் படியும். முடி இப்படிப் பருப்பது காரத்தன்மையில் அதிகமாகும், லேசான புளிப்பில் குறையும். கண்டிஷனர்களை லேசான அமிலத்தன்மையோடு செய்வது அதனால்தான். வினிகர் அலசலும் ஓரளவு உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். கண்ணில் படக்கூடாது, தலையில் புண் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வேறு கெடுதல் இல்லை. அம்மா சொல்கிறபடியே ஊற்றிக்கொள்ளலாம்.

சென்னைக்கு வந்ததுலேர்ந்து முடி ஒரே பரட்டை. ஹை போரோசிட்டி ஆயிடுச்சா?

ஊர் மாறினால் போரோசிட்டி மாறிவிடாது, காற்று மாறியிருக்கிறது. முடி காற்றிலிருந்தும் ஈரத்தை வாங்கும். ஈரம் மிக அதிகமான காற்றில் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை ஏற்கும். உள்ளே தண்ணீர் போனதும், முடியை வளைத்தோ நிமிர்த்தியோ வைத்திருந்த பிணைப்புகள் தளர்ந்து, முடி தன் இயற்கை வளைவுக்குத் திரும்பும். எதுவுமே படாத சுருட்டை முடியும் கடற்கரையில் பரட்டை ஆகும்.

போரோசிட்டி பங்கு வகிக்கிறதா என்பதை எந்தப் பகுதி பரட்டையாகிறது என்று பார்த்துச் சொல்லலாம். உச்சியிலிருந்து நுனி வரை ஒரே மாதிரி என்றால் முடியின் இயல்பும் காற்றும். சொட்டு உறிஞ்சிய பாகம் மட்டும் என்றால் சேதம். முதல் வகைக்குச் சீவும் விதத்தையும் முடி வெட்டும் விதத்தையும் மாற்ற வேண்டும். இரண்டாவது வகைக்குக் குளித்தவுடன் ஈரத்திலேயே, அலசாமல் அப்படியே விடும் வகைக் கண்டிஷனரோ ஓரிரு துளி சீரமோ அந்தப் பாகத்தில் தடவுங்கள்.

டை அடிச்சா நுனி கன்னங்கரேல்னு ஆகுது, முன்னாடி நரை மட்டும் பிடிக்கவே மாட்டேங்குது. ஏன்?

சித்தி மகளின் கதையில் சொன்ன அதே எல்லைதான் காரணம். நுனி ஏற்கெனவே பல தடவை டை வாங்கிய முடி. படலம் இல்லாததால் சாயம் உடனே ஏறிக் கருத்துவிடுகிறது. சீக்கிரம் வெளுத்துச் செம்பட்டையாவதும் அதுவேதான். முன்நெற்றியில் புதிதாக முளைத்த நரைக்கு உறை முழுசாக இருக்கிறது, அது சாயத்தை எதிர்க்கும்.

எனவே நரை முளைத்த வேருக்கு முதலில் தடவுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் அங்கேதான் இருக்க வேண்டும். நுனி வெளுத்திருந்தால் மட்டும், கடைசி ஐந்து நிமிடத்துக்கு அதன்மேல் இழுத்துவிடுங்கள். வெளுக்கவில்லை என்றால் நுனியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு மாதமும் முழு முடிக்கும் அடிப்பதுதான் பாதி நுனிகளைக் கெடுக்கிறது. போரோசிட்டி எப்படி இருந்தாலும், டை அடிப்பதற்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி அரிக்கிறதா என்று பார்ப்பதை விடாதீர்கள்.

முட்டை, தயிர், கெரட்டின் ட்ரீட்மென்ட், இதுல எது போரோசிட்டியைக் குறைக்கும்?

நிரந்தரமாக எதுவும் குறைக்காது. தலைக்கு வெளியே இருக்கும் முடியில் உயிர் இல்லை, போன படலமும் உடைந்த செதிலும் திரும்ப முளைக்காது. முட்டையின் புரதம் முடிக்குள் போக முடியாத அளவுக்குப் பெரியது. அது மேலே காய்ந்து ஒட்டும், அலசினால் போகும். அதிலும் வெந்நீரில் அலசிவிட்டால் முட்டை வெந்து முடியிலேயே ஒட்டிக்கொள்ளும், அதைச் சீவி எடுப்பது தனி வேலை. தயிரின் லேசான புளிப்பு கொஞ்சம் மிருதுவைத் தரும்.

நல்ல கண்டிஷனர்தான் இவற்றில் விலைக்குத் தகுந்த வேலை செய்கிறது. கெட்ட பாகத்தில் எதிர்மின்னூட்டம் அதிகம், கண்டிஷனரில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால் எங்கே தேவையோ அங்கேயே அதிகம் ஒட்டும். அடுத்த குளியல் வரை அது நிற்கும். பார்லர் கெரட்டின் ட்ரீட்மென்டில் முடியின்மேல் ஒரு பூச்சு அயர்ன் சூட்டில் ஒட்டவைக்கப்படுகிறது. சில மாதம் வழுவழுப்பாக இருக்கும், அந்தச் சமயத்தில் சொட்டுச் சோதனை செய்தால் "லோ" என்றே காட்டும். நம்பாதீர்கள். அயர்ன் வைக்கும்போது எழும் புகை கண்ணையும் தொண்டையையும் எரித்தால் அதில் ஃபார்மால்டிஹைடு இருக்க வாய்ப்பு உண்டு, அந்த இடத்தில் உட்காராதீர்கள்.

ஈர முடியை இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது, அப்புறம் அறுந்துடுது. இதுவும் போரோசிட்டியா?

இது அதைத் தாண்டிய சேதம். போரோசிட்டி வெளி உறையைப் பற்றியது. இழுவை உள்தண்டைப் பற்றியது. நல்ல ஈர முடியை மெதுவாக இழுத்தால், பத்து சென்டிமீட்டர் முடி பதின்மூன்று வரை நீண்டு, விட்டால் திரும்பிவிடும். நீண்டது திரும்பாமல் துவண்டு தொங்கினாலோ, கொழகொழவென்று இழுபட்டு அறுந்தாலோ உள்புரதமே கெட்டிருக்கிறது. பல தடவை ப்ளீச் செய்தவர்களிடமும், ஸ்ட்ரெய்ட்டனிங் மேல் கலரிங் செய்தவர்களிடமும்தான் இதைப் பார்க்கிறேன்.

அந்தப் பாகத்துக்கு எந்த ரசாயனமும் இனி வேண்டாம். ஈரத்தில் சீவ வேண்டாம், அயர்ன் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வருவதுதான் வழி.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணணும்?

டை, ப்ளீச், ஸ்ட்ரெய்ட்டனிங் இவற்றில் எதையாவது செய்வதற்கு முன்னால் ஒரு தடவை, செய்து சில குளியலுக்குப் பிறகு ஒரு தடவை. ஒன்றும் செய்யாதவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். ஆறு மாதத்தில் ஆறு சென்டிமீட்டர்தான் புதிதாக வந்திருக்கும், அதற்குள் வேறு எதுவும் மாறியிருக்காது.

முடி ரொம்ப கொட்டுது. போரோசிட்டி சரியானா நிக்குமா?

முதலில் கொட்டுகிறதா, உடைகிறதா என்று பாருங்கள். தரையில் கிடக்கும் முடிகளைப் பொறுக்கி வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளை முண்டு இருந்து, நீளமும் தலைமுடி அளவுக்கே இருந்தால் அது வேரோடு வந்தது. அதற்கும் போரோசிட்டிக்கும் சம்பந்தமே இல்லை. காய்ச்சல், பிரசவம், ரத்தசோகை, தைராய்டு என்று காரணம் உடம்பில் இருக்கலாம், தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முண்டு இல்லாமல், ஐந்து பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக இருந்தால் அது உடைவது. எங்கே உடைகிறது என்பதைச் சொட்டுச் சோதனையில் கண்ட எல்லையோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். கண்டிஷனரும் குளியலுக்கு முந்தைய எண்ணெயும் அந்தப் பாகத்துக்குப் போக வேண்டும், ஈரத்தில் சீவுவது நிற்க வேண்டும். ரப்பர் பேண்டைப் போடுகிற அதே இடத்தில் உடைகிறதென்றால் முதலில் அந்த ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடுங்கள்.